சாப்பிட்டவுடன் வாய்க்குத் திரும்பும் சோறு: வயிற்று மூச்சுப் பயிற்சியால் அதை நிறுத்தும் முறை

சாப்பிட்டுக் கை கழுவிப் பத்து நிமிடம்கூட ஆகியிராது. விழுங்கிய சோறு எந்தக் குமட்டலும் ஓங்காளமும் இல்லாமல் ஒரு வாய் அளவுக்கு மேலே வந்து நாக்கில் நிற்கும். அதில் புளிப்போ கசப்போ இருக்காது. சாப்பிட்டபோது இருந்த அதே சுவைதான் இருக்கும். வீட்டில் இருப்பவர் அதை மறுபடி மென்று விழுங்கிவிடுவார். பாடசாலையிலோ வேலைத்தலத்திலோ இருப்பவர் வெட்கப்பட்டு ஒதுக்குப்புறமாகச் சென்று துப்பிவிட்டு வருவார். சில நிமிடங்களில் அடுத்த வாய் வரும். இப்படி ஒரு மணித்தியாலம், சில வேளைகளில் இரண்டு மணித்தியாலம்வரை தொடர்ந்துவிட்டு, மேலே வரும் உணவு புளிக்கத் தொடங்கும் நேரத்தில் தானாகவே நின்றுவிடும். தூக்கத்தில் இது வருவதில்லை. மருத்துவத்தில் இதற்கு இரைமீட்டல் நோய்க்குறி என்று பெயர்.

இந்தக் கட்டுரை, மூச்சுப் பயிற்சி என்றால் என்னவென்றே இதுவரை பழகியிராத ஒருவர், பதின்ம வயதுப் பிள்ளையோ பெரியவரோ, வீட்டிலிருந்தே அதை ஒழுங்காகத் தொடங்குவதற்காக எழுதப்பட்டது. குழந்தைகள் பால் கக்குவது வேறு விடயம். சொல்வதைக் கேட்டு மூச்சை மாற்றிவிட முடியாத சின்னப் பிள்ளைகளுக்கும் இதை அப்படியே பொருத்த முடியாது.

உடலில் நடப்பது என்ன

நமது இரைப்பைக்கு முன்னால் வயிற்றுச் சுவரின் தசைகள் இருக்கின்றன. மேலே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு குடை விரித்ததுபோலக் கவிந்திருக்கிறது. வாயிலிருந்து இறங்கும் களம் இந்தப் பிரிமென்றகட்டைத் துளைத்துக்கொண்டுதான் இரைப்பையை அடைகிறது. அந்த இடத்தில் களத்தின் அடியிலுள்ள தசைவளையமும், அதைச் சுற்றியுள்ள பிரிமென்றகட்டின் நார்களும் சேர்ந்து, கீழே போன உணவு மேலே வராமல் வாயிலை மூடி வைக்கின்றன.

இரைமீட்டல் உள்ளவரிடம், சாப்பிட்ட சற்று நேரத்தில் வயிற்றுச் சுவரின் தசைகள் அவர் அறியாமலே ஒரு கணம் இறுகுகின்றன. இரைப்பைக்குள் அழுத்தம் திடீரென உயர்கிறது. களத்தில் அழுத்தம் அளக்கும் குழாயை இட்டுப் பார்த்தால், இந்த உயர்வு பெரும்பாலும் 30 மில்லிமீற்றர் இரசத்துக்கு மேலே போவதைக் காணலாம். அதே கணத்தில் களத்தின் அடிவாயில் தளர்ந்து திறக்க, இரைப்பையின் மேற்பகுதியில் இருக்கும் புதிதாக விழுங்கிய உணவு வந்த வழியே திரும்புகிறது. அமிலத்தோடு இன்னும் முழுமையாகக் கலக்காத உணவு என்பதால்தான் சுவை மாறாமல் இருக்கிறது. இரைப்பையில் புண் இருப்பதாலோ, உணவு கெட்டிருப்பதாலோ, சமிபாடு நின்றுபோனதாலோ இது நடப்பதில்லை. ஒரு வயிற்றோட்டக் காய்ச்சலுக்குப் பிறகோ, கடுமையான மனச்சுமை இருந்த காலத்திலோ உடல் கற்றுக்கொண்ட ஓர் அசைவு, காரணம் போன பின்னும் பழக்கமாக நின்றுவிடுகிறது. காரணம் எதுவும் தெரியாமல் தொடங்குவதும் உண்டு.

மூச்சுப் பயிற்சி ஏன் உதவுகிறது என்பது இதிலிருந்தே விளங்கும். பிரிமென்றகட்டைக் கீழே இறக்கி மூச்சை உள்ளே இழுக்கும்போது, வயிறு முன்னே வருவதற்கு இடம் வேண்டும். அதற்கு வயிற்றுச் சுவர் தளர்ந்தே ஆகவேண்டும். தளர்ந்திருக்கும் தசையால் அதே நேரத்தில் இறுகி இரைப்பையை நெரிக்க முடியாது. அத்தோடு, கீழே இறங்கும் பிரிமென்றகடு களத்தின் அடிவாயிலையும் இறுக்கிப் பிடிக்கிறது. ஆக, ஒரே மூச்சில் கீழே அழுத்தம் குறைகிறது, மேலே கதவு சாத்தப்படுகிறது. இது மனதை அமைதிப்படுத்துவதற்கான பொதுவான தியானப் பயிற்சி அல்ல. அமைதி கிடைத்தால் நல்லதுதான். ஆனால் சிகிச்சை நடப்பது தசையில்.

தொடங்குமுன் ஒரு கொப்பி

ஒட்டுசுட்டான் பக்கத்தில் உள்ள ஒரு கிராமத்தில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் 15 வயது மாணவி ஒருத்தியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மாரி காலத்தில் அவளுக்கு வயிற்றோட்டமும் சத்தியும் வந்து ஒரு கிழமையில் சுகமாகிவிட்டன. ஆனால் அதன் பிறகு சாப்பிடும் ஒவ்வொரு நேரமும் சோறு வாய்க்குத் திரும்பத் தொடங்கியது. தாய், "பிள்ளை, சத்தி வருதெண்டா எழும்பி வெளியில போ" என்கிறார். அவள், "சத்தி இல்லையம்மா, சோறு தானா வருது" என்கிறாள். தாய்க்கு வேறுபாடு விளங்கவில்லை. நாவூறு கழித்தார்கள், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார்கள், மருந்துக் கடையில் நெஞ்செரிவுக்கான குளிசை வாங்கிக் கொடுத்தார்கள். மெலிவதற்காக வேண்டுமென்றே செய்கிறாளோ என்று மாமி ஒருவர் சந்தேகப்பட்டார். அவள் பாடசாலையில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். 44 கிலோவாக இருந்த எடை ஐந்து மாதத்தில் 40 கிலோவாகிவிட்டது.

இந்த இடத்தில் முதலில் செய்யவேண்டியது மருந்து மாற்றுவதல்ல, ஒரு கிழமைக்கு எழுதிவைப்பது. ஒரு பழைய கொப்பியில், என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு முடித்தது, முதல் வாய் எத்தனை மணிக்கு வந்தது, என்ன சுவை, விழுங்கியதா துப்பியதா, கடைசியாக எப்போது வந்தது என்பவற்றை மட்டும் குறிக்க வேண்டும். அவளுடைய கொப்பியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி இருக்கும்: "பகல் 1.10க்கு முடித்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, மீன் பொரியல். 1.21 முதல் தரம், பருப்புச் சுவை, விழுங்கினேன். 1.24, 1.26, 1.31. மொத்தம் 14 தரம். 2.25க்குப் புளித்தது, பிறகு வரவில்லை. இரவு நித்திரையில் இல்லை."

இந்தச் சில வரிகள், பல பரிசோதனைகளால் சொல்ல முடியாததைச் சொல்லிவிடுகின்றன. சாப்பிட்டு முடித்துச் சில நிமிடங்களில் தொடங்குவது, முன்னால் ஓங்காளம் இல்லாதது, உணவின் சுவை மாறாதது, புளித்ததும் நிற்பது, தூக்கத்தில் இல்லாதது ஆகிய ஐந்தும் ஒன்றாகக் காணப்பட்டால் அது இரைமீட்டலாக இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். நெஞ்செரிவு நோயில் புளித்த நீர் மேலே வரும், குனியும்போதும் படுக்கும்போதும் கூடும், இரவில் எழுப்பும். இரைப்பை மெதுவாக வெறுமையாகும் நோயில் சாப்பிட்டுப் பல மணித்தியாலம் கழித்து, குமட்டலோடு, பழைய உணவு சத்தியாக வரும். களத்தின் அடிவாயில் திறக்காத நோயில் விழுங்கும்போதே நெஞ்சில் அடைக்கும்; திரும்பி வரும் உணவு இரைப்பையை எட்டியே இருக்காது.

இந்தக் கொப்பி பின்னரும் தேவை. பயிற்சி பலிக்கிறதா என்பதை அறிய மனப்பதிவு போதாது. 14 என்பது 9 ஆவதை எண்ணினால்தான் காணலாம்.

வைத்தியரிடம் போகும்போது

பயிற்சியை வீட்டில் தொடங்கலாம் என்றாலும், நோயை உறுதிசெய்வது வைத்தியரின் வேலை. காலை நெரிசலில் வெளிநோயாளர் பிரிவில் "சாப்பிட்டாச் சத்தி வருது" என்று மட்டும் சொன்னால், அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்பிரசோலும் சத்தியை நிறுத்தும் டொம்பெரிடோனும் எழுதித் தரப்படுவது இயல்பானதே. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை மேலே வரும் உணவின் புளிப்பைக் குறைக்குமே தவிர, வருவதை நிறுத்தாது. சிலருக்குப் புளிக்க நேரமெடுப்பதால் இன்னும் நீண்ட நேரம் விழுங்கிக்கொண்டிருக்க நேரிடும். ஆகவே கொப்பியைக் காட்டி, "ஓங்காளம் இல்லை டொக்டர், சாப்பிட்டுப் பத்து நிமிடத்தில தானா வாய்க்குள்ள வருது, சாப்பிட்ட ருசியாவே இருக்கு, நித்திரையில வாறதில்லை" என்று முழுதாகச் சொல்ல வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய ஊர்களின் பொது வைத்தியசாலைகளில் ஏதாவதொன்றின் கிளினிக்கில் இதைச் சொல்லி, இயன்மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் தருமாறு கேட்கலாம். மூச்சுத் தசைகளைப் பயிற்றுவது இயன்மருத்துவர்களுக்குப் பழகிய வேலை. எதற்காக என்று கடிதத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் போதும்.

இவ்வகை இரைப்பை, குடல் நோய்களை இனங்காண்பதற்காக 2016இல் வெளியான ரோம் நெறிமுறைகளின்படி, வளர்ந்தவர்களில் இது மூன்று மாதமாகத் தொடர்ந்திருக்க வேண்டும். பதின்ம வயதினரில் இரண்டு மாதம். அதே நெறிமுறைகள், வேறு நோய் ஒன்றால் இது விளக்கப்படாமலும் இருக்க வேண்டும் என்கின்றன. விழுங்கும்போது அடைத்தல் அல்லது நோவு, இரத்தம் கலந்து வருதல், கறுத்த மலம், தூக்கத்தில் சத்தி எடுத்து எழுதல், விடாத வயிற்றுவலி, இரத்தச்சோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது நடுவயதைத் தாண்டிய ஒருவருக்கு இது புதிதாகத் தொடங்கினாலும், மூச்சுப் பயிற்சியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. முதலில் களத்தையும் இரைப்பையையும் பார்க்க வேண்டும். நமது பகுதியில் செல் துண்டு பட்டும் அதற்கான சத்திரசிகிச்சையாலும் வயிற்றில் பெரிய வடு உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குடல் ஒட்டிப் போவதாலும் உணவு திரும்பலாம் என்பதால், அந்த வரலாற்றை அவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மெலிந்துபோன பெண்பிள்ளை என்றால், எடை கூடிவிடும் என்ற பயம் அவளுக்கு இருக்கிறதா என்பதையும் வைத்தியர் தனியாகக் கேட்பார். அது குற்றச்சாட்டு அல்ல. உணவைப் பற்றிய பயத்தால் தானே சத்தி எடுப்பவருக்கு வேறு வகையான உதவி தேவை, அதைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கேள்வி. நமது மாணவி, தான் பழைய எடைக்கு வர விரும்புவதாகவே சொன்னாள்.

படுத்திருந்து பழகுதல்

முதல் கிழமை முழுவதும் பயிற்சி சாப்பாட்டிலிருந்து விலகியே இருக்க வேண்டும். புதிய அசைவு ஒன்றை, நெருக்கடி இல்லாத நேரத்தில் உடல் கற்றால்தான் நெருக்கடி நேரத்தில் அது கைக்கு வரும். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆன நேரங்களில், ஒரு நாளைக்கு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். காலையில் எழுந்ததும், பாடசாலையால் வந்து சாப்பிடுமுன், இரவு படுக்கும்போது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

பாயில் மல்லாந்து படுத்து, தலைக்கு ஒரு தலையணையும் முழங்கால்களுக்குக் கீழே ஒரு தலையணையும் வையுங்கள். முழங்கால் மடிந்திருந்தால் வயிற்றுச் சுவர் தானாகத் தளரும். இடுப்பில் நாடாவோ, இறுகக் கட்டிய சாரமோ, பெல்ற்றோ இருந்தால் தளர்த்திவிடுங்கள். ஒரு கையை நெஞ்சின் நடுவிலும், மற்றக் கையைத் தொப்புளுக்குச் சற்று மேலே, விலா எலும்புகள் பிரியும் இடத்துக்குக் கீழும் வையுங்கள்.

இப்போது வாயை மூடி, மூக்கால் மெதுவாக மூச்சை உள்ளே எடுங்கள்; மனதுக்குள் நான்குவரை எண்ணுங்கள். கீழே உள்ள கை மெல்ல உயர வேண்டும். மேலே உள்ள கை அசையாமல் இருக்க வேண்டும். பிறகு உதடுகளைச் சற்றே திறந்து, ஆறுவரை எண்ணியபடி மூச்சை வெளியே விடுங்கள். கீழே உள்ள கை தானாகத் தாழும். வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைத் தள்ளக் கூடாது. அப்படித் தள்ளினால் நாம் தளர்த்த நினைக்கும் அதே தசையையே இறுக்கியவர்கள் ஆவோம். நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு மூச்சு வந்தால் வேகம் சரி.

இதில் புதியவர்கள் செய்யும் பிழைகளில் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் அது சரியான பயிற்சி போலவே தெரியும். "வயிறு உயர வேண்டும்" என்று கேட்டதும் பலர் வயிற்றுத் தசையால் வயிற்றை முன்னுக்குத் தள்ளுகிறார்கள். கை உயர்கிறது, ஆனால் மூச்சு உள்ளே போகவில்லை. வயிற்றுச் சுவரோ பலகைபோல இறுகியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க வழி, வயிற்றின் மேல் வைத்த கையின் விரல் நுனிகளால் மெல்ல அழுத்திப் பார்ப்பது. மூச்சு உள்ளே வரும்போதும் விரல் சற்றே புதையும் அளவுக்கு வயிறு மென்மையாக இருந்தால் பிரிமென்றகடு வேலை செய்கிறது. விரலை எதிர்த்துத் தள்ளினால் தசை வேலை செய்கிறது. இன்னொரு அடையாளம் பக்கவாட்டில் உண்டு: கைகளை இரண்டு பக்கமும் கீழ் விலாவில் வைத்தால், சரியான மூச்சில் விலா இரண்டும் வெளிப்புறமாக விரிவதை உணரலாம். வயிற்றைத் தள்ளும்போது விலா விரியாது.

மற்றப் பிழை, ஆழமாக மூச்செடுக்கவேண்டும் என்று நினைத்து நிறையக் காற்றை வேகமாக இழுப்பது. தலை சுற்றினாலோ, விரல் நுனிகள் விறைத்தாலோ, கொட்டாவி வந்துகொண்டே இருந்தாலோ மூச்சு மிஞ்சிவிட்டது என்று பொருள். உடனே நிறுத்தி, சாதாரணமாக மூச்சுவிட்டு, சற்றுச் சிறிய மூச்சோடு மறுபடி தொடங்குங்கள். இங்கே தேவைப்படுவது மெதுவான மூச்சு. பெரிய மூச்சு அல்ல. இடையில் மூச்சை அடக்கிப் பிடிக்கவும் தேவையில்லை. யோகாசன வகுப்பில் மூச்சடக்கப் பழகியவர்கள் இதை இங்கே விட்டுவிட வேண்டும்.

நமது மாணவிக்கு முதல் மூன்று நாளும் நெஞ்சுக் கைதான் உயர்ந்தது. பெண்பிள்ளைகள் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தபடி நிற்கவும் நடக்கவும் சிறுவயதிலிருந்தே பழகிவிடுவதால் இது அடிக்கடி நடக்கும். தாய் ஒரு சிறிய அரிசிப் பொட்டலத்தை அவள் வயிற்றில் வைத்து, "இதை மட்டும் தூக்கு" என்றார். பாரம் எங்கே இருக்கிறதென்று உடலுக்குத் தெரிந்ததும் மூச்சு அங்கே இறங்கியது. அரைக் கிலோவுக்குக் குறைந்த பாரம் போதும். அசைவு வந்தபின் எடுத்துவிட வேண்டும்.

கதிரைக்கு மாறுதல்

படுத்தபடி பத்து நிமிடம், நெஞ்சுக் கை அசையாமல் தொடர்ச்சியாகச் செய்ய முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். சிலருக்கு நான்கு நாள், சிலருக்கு பத்து நாள் ஆகும். சாய்மனைக் கதிரை வீட்டில் இருந்தால் அதிலே தொடங்குவது மிகவும் இலகு. உடல் பின்னே சாய்ந்திருக்கும்போது வயிறு மடிவதில்லை. பிறகு சாதாரணக் கதிரையில், முதுகு பின்னே முட்ட, இரண்டு பாதமும் நிலத்தில் படும்படி இருந்து செய்ய வேண்டும். கடைசியாக நின்றுகொண்டும், மெதுவாக நடந்துகொண்டும் செய்து பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவிர்ப்பவர்களுக்கு வீட்டில் பலித்தது பாடசாலையில் பலிப்பதில்லை.

நிலத்தில் சம்மணமிட்டுச் சாப்பிடுவது நமது வழக்கம். இரைமீட்டல் உள்ளவர் தட்டுக்கு மேல் குனிந்து சாப்பிடும்போது நிறைந்த இரைப்பை இன்னும் நெரிபடும். மூச்சும் வயிற்றுக்கு இறங்காது. பயிற்சிக் காலம் முடியும்வரை மட்டுமாவது கதிரையில், மேசையில் சாப்பிடட்டும். மேசை இல்லாத வீட்டில் சுவரில் முதுகு சாய்த்து, தட்டை ஒரு முக்காலியில் உயர்த்தி வைத்தாலும் சரி.

சாப்பாட்டுக்குள் கொண்டுவருதல்

முதலில் பெரிய சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மாலையில் இரண்டு துண்டு பாணும் ஒரு வாழைப்பழமும் போதும். எந்த உணவு மிகக் குறைவாகத் திரும்புகிறது என்பதைக் கொப்பி சொல்லும், அதில் தொடங்குங்கள். பலருக்குச் சோற்றைவிட நீராகாரம் இலகுவாக மேலே வரும். ஆகவே சாப்பாட்டோடு பெரிய கோப்பைப் பிளேன்ரீயும் தண்ணீரும் குடிப்பதைத் தவிர்த்து, அவற்றைச் சாப்பாடுகளுக்கு இடைப்பட்ட நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சாப்பிடத் தொடங்குமுன் மூன்று நிமிடம் வயிற்று மூச்சு. பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தி ஐந்தாறு மூச்சு. கடைசி வாயை விழுங்கிய உடனே, கை கழுவப் போவதற்குக்கூட எழும்பாமல், ஈரத்துணியில் கையைத் துடைத்துவிட்டுப் பின்னே சாய்ந்து 15 நிமிடம் தொடர்ச்சியான வயிற்று மூச்சு. இந்தக் கடைசி இடத்திலேதான் முழுச் சிகிச்சையும் தங்கியிருக்கிறது. முதல் வாய் 11ஆவது நிமிடத்தில் வருகிறது என்று கொப்பி சொன்னால், மூச்சு அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உணவு நாக்கைத் தொட்ட பிறகு தொடங்கும் மூச்சு அந்த வாயைத் தடுக்காது, அடுத்ததைத்தான் தடுக்கும்.

15 நிமிடம் முடிந்ததும் சாதாரணமாக இருக்கலாம், ஆனால் கவனம் விலகக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு உணவு வருமுன் ஒரு முன்னறிவிப்பு உண்டு. சிலருக்கு மேல்வயிறு இறுகுவதுபோல, சிலருக்குத் தொண்டைக்குக் கீழே ஏதோ நிற்பதுபோல, சிலருக்கு ஏவறை வரப்போவதுபோல இருக்கும். இதுவரை கவனிக்காதவர்கள்கூடக் கொப்பி எழுதத் தொடங்கியதும் அதைக் கண்டுகொள்வார்கள். அந்த அறிவிப்பு வந்த உடனே வயிற்று மூச்சுக்குத் திரும்பி, உணர்வு முற்றாக மறையும்வரை தொடருங்கள். ஏவறையோடு உணவு வருபவர்கள், ஏவறை விடுவதற்காகக் காற்றை விழுங்கும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும்; வாயைச் சற்றுத் திறந்து, நாக்கு நுனியை மேற்பற்களுக்குப் பின்னால் வைத்தபடி மூச்சுவிட்டால் காற்றை விழுங்குவது கடினமாகும்.

அப்படியும் ஒரு வாய் மேலே வந்தால், துப்பாமல் விழுங்கிவிட்டு மூச்சைத் தொடர்வதே நல்லது. துப்புவதால்தான் எடை குறைகிறது. விழுங்க அருவருப்பாக இருப்பவரை வற்புறுத்தவும் கூடாது. வற்புறுத்தினால் அவர் சாப்பாட்டையே குறைத்துவிடுவார். புளித்த உணவு வாய்க்கு வந்தால் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். அமிலம் பட்ட பல்லை உடனே தேய்த்தால் மேற்பூச்சு தேயும் என்பதால் அரைமணித்தியாலம் கழித்துத்தான் பல் தீட்டலாம்.

மாணவியின் கொப்பிக்கு வருவோம். மாலைப் பாணோடு தொடங்கிய மூன்றாவது நாள், 15 நிமிடமும் எதுவும் வரவில்லை. மூச்சை நிறுத்தி நான்கு நிமிடத்தில் முதல் வாய் வந்தது. அவள் மனம் உடைந்துபோனாள். உண்மையில் அதுதான் அந்தக் கிழமையின் மிக நல்ல செய்தி: மூச்சு ஓடும்வரை இரைமீட்டல் நிற்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. செய்ய வேண்டியது, மூச்சின் நேரத்தை 25 நிமிடமாக நீட்டுவது மட்டுமே. அடுத்த கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு, புட்டும் சம்பலும் வழக்கமான அளவில் பாதி வைத்து, இதையே செய்தாள். அதற்கடுத்த கிழமை பகல் சோறு. 14 தரம் வந்த பகல் சாப்பாட்டில் 5 தரம் வந்தது. மேலும் இரண்டு கிழமையில் ஒன்றோ இரண்டோ. பாடசாலை இடைவேளைச் சாப்பாட்டைக் கடைசியாக விட்டுவைத்தாள். வகுப்பாசிரியைக்குத் தாய் நேரில் சென்று விளக்கியதால், சாப்பிட்ட பின் அவள் ஓடியாடாமல் வகுப்பறைக் கதிரையில் சாய்ந்திருக்க அனுமதி கிடைத்தது. அந்த நேரத்தில் சீருடைப் பெல்ற்றை ஒரு துளை தளர்த்திக்கொள்வாள். வயிற்றில் கை வைக்கத் தேவையில்லாத அளவுக்கு அசைவு பழகிவிட்டதால், பக்கத்திலிருந்தவர்களுக்கு அவள் எதையும் செய்வதாகவே தெரியவில்லை.

குறையாதபோது பார்க்க வேண்டியவை

நாளாந்தம் ஒழுங்காகச் செய்தும் நான்கைந்து கிழமையில் எண்ணிக்கை அசையவில்லை என்றால், முதலில் சாப்பாட்டுக்குப் பிந்திய மூச்சை வேறொருவர் பார்க்க வேண்டும். படுத்தபடி சரியாகச் செய்பவர், நிறைந்த இரைப்பையோடு இருக்கும்போது மறுபடி நெஞ்சால் மூச்சுவிடத் தொடங்குவது மிகச் சாதாரணம். வயிறு நிறைந்திருக்கும்போது பிரிமென்றகடு இறங்குவது கடினம். அப்போது சாப்பாட்டின் அளவைச் சற்றுக் குறைத்து, நாளைக்கு மூன்று வேளை என்பதை ஐந்து வேளையாகப் பிரித்துக்கொடுத்தால், எடையும் குறையாமல் பயிற்சிக்கும் இடம் கிடைக்கும்.

அதன் பின்னும் பலன் இல்லையென்றால் வைத்தியரிடம் திரும்ப வேண்டும். வயிற்றுத் தசையின் மின்னசைவைத் திரையில் காட்டி, நோயாளி தானே பார்த்துத் தளர்த்தப் பழகும் முறை ஒன்று உண்டு. பார்சலோனாவில் உள்ள ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில் அது உணவு திரும்புவதைக் கணிசமாகக் குறைத்தது. அந்தக் கருவி கிடைக்காத இடத்தில், கண்ணாடியின் முன்னால் இருந்து தோளையும் வயிற்றையும் பார்த்தபடி செய்வது ஓரளவுக்கு அதே பயனைத் தரும். பக்லோபென் என்ற மருந்து, களத்தின் அடிவாயில் அடிக்கடி தளர்வதைக் குறைப்பதால், மூச்சால் மட்டும் போதாதவர்களுக்குச் சில நிபுணர்கள் கொடுப்பதுண்டு. அது நித்திரை மயக்கத்தைத் தரும், திடீரென நிறுத்தவும் கூடாது, ஆகவே வைத்தியரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்கலாம். எடை தொடர்ந்து குறைந்துகொண்டிருந்தாலோ, நிறையத் துப்புபவருக்குக் கால் தசை பிடித்தலும் கடும் களைப்பும் இருந்தாலோ, அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் போக வேண்டும். இரத்தத்தில் பொற்றாசியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டி வரும்.

நின்றுபோன இரைமீட்டல், காய்ச்சலுக்குப் பிறகோ பரீட்சைக் காலத்திலோ திரும்பி வருவது உண்டு. அப்போது புதிதாகத் தொடங்கத் தேவையில்லை. இரண்டு நாள் படுத்தபடி மூச்சைச் சரிபார்த்து, மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் 15 நிமிடத்துக்குத் திரும்பி, கொப்பியில் எண்ணிக்கையை மறுபடி எழுதத் தொடங்கினால் போதும். இரண்டு கிழமையில் எண்ணிக்கை இறங்காவிட்டாலோ, இம்முறை வருவது ஓங்காளத்தோடும் புளிப்போடும் வருகிறது என்று கொப்பி காட்டினாலோ, பழைய நோய் என்று தாமே முடிவுசெய்யாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.